ஆறு தெருவை எண்ணினால் ஊரைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்?

கேள்வி: எங்கள் ஊர் காரைக்குடி பக்கம். 30 தெரு, தெருவுக்கு 20 வீடு வாக்கில் இருக்கும். சீட்டுக் குலுக்கி 6 தெரு எடுத்து, அதில் இருக்கிற அத்தனை வீட்டையும் பார்த்தோம். பூட்டிக் கிடப்பவை தெரு வாரியாக 15, 13, 9, 8, 5, 4. மொத்தம் 120ல் 54, அதாவது 45%. ராக்காவலுக்கும் பராமரிப்புக்கும் பொது நிதி வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் கேட்கப் போகிறோம். 'ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது' என்று எழுதலாமா? ஒரு தம்பி பிழை வரம்பு ±9 போடச் சொல்கிறான். போட்டால், 'பூட்டின வீடு பத்தில் ஒன்றுதான்' என்கிறவர்கள் 'உங்களுக்கே நிச்சயம் இல்லை' என்று மடக்கிவிட மாட்டார்களா?

±9 போடாதீர்கள். அது தப்பான எண். நீங்கள் பார்த்த விதத்துக்கு உரிய பிழை வரம்பு ஏறக்குறைய ±20. இதைக் கேட்டதும் மனசு விட்டுப் போக வேண்டாம். இவ்வளவு அகலமான வரம்போடு போனாலும் 'பத்தில் ஒன்று' என்ற பேச்சு நிற்காது என்பதை உங்கள் எண்களே காட்டுகின்றன. நிற்காத இன்னொன்று 'பாதி வீடு' என்ற உங்கள் வாக்கியம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் பாடம் நடத்தினவன். அதற்கு முன்னால் சில வருஷம் வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்புகளில் மேற்பார்வை பார்த்திருக்கிறேன். சொல்லப் போவதில் பாதி பாடம், மீதி அந்தத் தெருக்களில் கற்றது.

தம்பி சொன்ன 9 எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிற சூத்திரம் இது:

```
1.96 × √( p × (1 − p) / n )
```

p என்பது உங்களுக்குக் கிடைத்த விகிதம், 0.45. n என்பது பார்த்த வீடுகள், 120. போட்டுப் பார்த்தால் 0.089 வரும், அதாவது 9 சதவீதப் புள்ளி. தம்பி கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான். ஆனால் இந்தச் சூத்திரம் ஒரு நிபந்தனையோடு வருகிறது. 120 வீடும் ஊர் முழுக்க இருக்கும் வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாக, தனித்தனியாகக் குலுக்கி எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை வகுப்பில் நான் புளியங்கொட்டையை வைத்துத்தான் காட்டுவேன். தாயம் விளையாட ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்குவோமே, அந்த மாதிரி உரசின கொட்டையும் உரசாத கொட்டையும் கலந்த ஒரு மூட்டை இருக்கிறது என்று வையுங்கள். நூற்றுக்கு 45 உரசினது. இது எனக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. ஒருவர் கண்ணை மூடி 120 கொட்டை எடுத்து எண்ணினால் 41% வரலாம், அடுத்தவருக்கு 48% வரலாம். ஒவ்வொருவரும் தனக்கு வந்த எண்ணுக்கு இரண்டு பக்கமும் 9 புள்ளி விட்டு ஒரு கோடு போடுகிறார்கள். இருபது பேர் போட்டால் ஏறக்குறைய 19 பேரின் கோட்டுக்குள் உண்மையான 45 விழும். ஒருவர் கோடு அதைத் தவறவிடும். அந்தக் கோட்டுக்குத்தான் நம்பிக்கை இடைவெளி, கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் என்று பெயர். அதன் பாதி அகலம் பிழை வரம்பு, மார்ஜின் ஆஃப் எரர். இதற்கு ஒழுங்கான அடித்தளம் போட்டவர் ஜெர்சி நெய்மன், 1937இல் வந்த கட்டுரையில். 95% என்பது எடுக்கும் முறையின் மேல் வைக்கிற நம்பிக்கை. நீங்கள் போட்ட ஒரு கோடு அந்தப் பத்தொன்பதில் ஒன்றா, தவறிய ஒன்றா என்பதை அந்தக் கோட்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இப்போது மூட்டையை மாற்றுங்கள். கொட்டைகள் உதிரியாக இல்லை. இருபது இருபதாக 30 சுருக்குப் பையில் கட்டியிருக்கிறது. நீங்கள் ஆறு பையை எடுத்து அவிழ்த்து எண்ணினீர்கள். கையில் 120 கொட்டை இருப்பது உண்மை, ஆனால் கை வைத்தது ஆறு தடவைதான். ஒரு பைக்குள் இருக்கிற கொட்டைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால், அந்தப் பையில் ஐந்தாவது கொட்டையைப் பார்த்த பிறகு ஆறாவது கொட்டை புதிதாக அதிகம் சொல்லப் போவதில்லை. நம் ஊர்த் தெருக்கள் அப்படித்தான் இருக்கின்றன. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ண, போனவர்கள் கட்டின பெரிய வீட்டு வரிசை ஒரு தெருவில் இருக்கும். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். ஒரு வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீடும் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். பேருந்து நிற்கும் தெருவில் முகப்பையே கடைக்கு வாடகைக்கு விட்டிருப்பார்கள், அங்கே பூட்டு குறைவு. உங்கள் எண்களே சாட்சி: ஒரு தெருவில் 20க்கு 15, இன்னொன்றில் 4.

ஆகவே கணக்கைத் தெருவை வைத்துப் போட வேண்டும். இதற்குக் கணினி வேண்டாம், ஒரு தாள் போதும். ஆறு தெருவின் சதவீதங்கள் 75, 65, 45, 40, 25, 20. சராசரி 45. ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது? 30, 20, 0, 5, 20, 25. வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 900, 400, 0, 25, 400, 625, மொத்தம் 2350. தெரு ஆறு, அதில் ஒன்று குறைத்து 5ஆல் வகுத்தால் 470. அதன் வர்க்கமூலம் 21.7. தெருவுக்குத் தெரு இவ்வளவு மாறுகிறது என்று பொருள். ஆறு தெருவின் சராசரி எவ்வளவு ஆடும் என்று தெரிய, இதை 6இன் வர்க்கமூலமான 2.45ஆல் வகுக்க வேண்டும்: 8.85. மொத்தம் 30 தெருதான், அதில் ஐந்தில் ஒரு பங்கை நீங்கள் பார்த்தே விட்டீர்கள். அந்த அளவுக்குச் சந்தேகம் குறைய வேண்டும். அதற்காக 0.8இன் வர்க்கமூலம் 0.894ஆல் பெருக்கினால் 7.9. கடைசியாக, வழக்கமாகப் பெருக்கும் 1.96க்குப் பதில் 2.57ஆல் பெருக்க வேண்டும். தெருவுக்குத் தெரு உள்ள மாறுதலையே ஆறு எண்ணை வைத்துத்தானே ஊகிக்கிறோம்? அதற்கான கூடுதல் எச்சரிக்கை அது. ஸ்டூடண்ட் டி பட்டியலில் 5க்கு நேராக 95% கட்டத்தில் இந்த எண்ணைப் பார்க்கலாம். விடை 20.3.

ஆக, 45க்கு இரண்டு பக்கமும் 20: 25% முதல் 65% வரை. இன்னொரு விதமாகச் சொன்னால், நீங்கள் 120 வீட்டுக்கு நடந்து பெற்ற செய்தி, ஊர் முழுக்கத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்த முப்பது, நாற்பது வீட்டுச் செய்திக்குத்தான் சமம். இதில் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆறே ஆறு எண்ணிலிருந்து வந்த 20 அதுவும் தோராயம்தான். வேறு ஆறு தெரு விழுந்திருந்தால் அது 14 என்றோ 26 என்றோ வந்திருக்கலாம். அதனால் 24.7 முதல் 65.3 என்று புள்ளி வைத்து எழுதாதீர்கள். நம்மிடம் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும் எழுத்து அது.

சரி, எதிர்த் தரப்புக்கு வருவோம். இங்கே சூத்திரமே வேண்டாம். ஊரில் 600 வீடு. பத்தில் ஒன்று என்றால் 60 வீடு. நீங்கள் ஆறு தெருவில் 54ஐக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். அவர்கள் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்றால், மீதி 24 தெருவில், 480 வீட்டில், பூட்டினது வெறும் 6 இருக்க வேண்டும். நீங்கள் பார்த்ததிலேயே பூட்டு மிகக் குறைந்த தெருவில் 4 இருந்தது. 24 தெரு சேர்ந்து 6 என்பதை, ஊரில் ஒரு மாலை நடந்து வந்தவர் யாரும் ஒப்ப மாட்டார்கள். கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். நிச்சயமாகத் தெரிந்தது, ஊகித்தது என்று இரண்டும் தனித்தனியாகப் பிரிவதும் இங்கேதான். 54 பூட்டு கண்ணால் கண்டது, அது எந்த விவாதத்திலும் குறையாது. மீதி 480 வீட்டைப் பற்றிச் சொல்வதுதான் ஊகம், பிழை வரம்பு அதற்குத்தான்.

இதே தராசில் உங்கள் வாக்கியத்தையும் வையுங்கள். 'பாதி' என்றால் 300 வீடு. பார்த்தது போக, மீதி 480ல் 246 பூட்டியிருக்க வேண்டும், பாதிக்குக் கொஞ்சம் மேல். நடக்கக்கூடியதுதான், உங்கள் ஆறு தெருவில் இரண்டு அதைவிட அதிகம். 25% என்றால் 150 வீடு, மீதியில் 96, அதாவது ஐந்தில் ஒன்று. அதுவும் நடக்கக்கூடியது, உங்கள் கடைசித் தெரு அப்படித்தான் இருக்கிறது. ஆகவே 'பாதி வீடு' என்று எழுதினால் பொய் என்று சொல்ல மாட்டேன், உங்களிடம் இருக்கிற சான்று தாங்காத வாக்கியம் என்பேன். 'பாதிக்கு மேல்' என்பதையும் தாங்காது, 'பாதிக்குக் கீழ்' என்பதையும் தாங்காது. கூட்டத்தில் யாராவது எழுந்து ஏழாவது தெருவை எண்ணிக் காட்டி, அதில் மூன்றே பூட்டு இருந்தால், உங்கள் மனு முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதில் இருக்கிற நியாயமான பகுதியும் சேர்ந்து போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் குலுக்கலில் வரும் ஆட்டம் மட்டும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, பிழை வரம்புக்குள் வரவே வராத பிழைகள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கியது. லேண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46இல். தம்பியின் சூத்திரத்தில் 20 லட்சத்தைப் போட்டால் பிழை வரம்பு ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அந்த அட்டைகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலும் மோட்டார் வண்டிப் பட்டியலிலும் இருந்த பெயர்களுக்குப் போனவை. அந்தக் காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள். அட்டை வந்தவர்களிலும் எழுதிப் போட்டவர்கள் ஒரு சாரார். எண்ணிக்கை கூடக் கூட ஆட்டம் குறையும், சாய்வு குறையாது.

உங்கள் கணக்கில் சாய்வு எங்கே இருக்கலாம்? நம் ஊருக்கே உரிய ஒன்று முதலில். பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். தெருவில் நடந்து கதவை எண்ணினவர்கள் அந்தப் பின்வாசலையும் ஒரு வீடாக எண்ணினார்களா? எண்ணியிருந்தால் ஒரே வீடு இரண்டு தெருவில் வரும். அதைவிட மோசம், முகப்பில் ஆள் குடியிருந்தாலும் பின்வாசல் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். ஒரு பேச்சுக்கு, உங்கள் 120ல் 12 பின்வாசல், அதில் 10 பூட்டு என்று வைத்துக்கொள்வோம். அவற்றை நீக்கினால் 108க்கு 44, அதாவது 41%. நான்கு புள்ளி கீழே இறங்கிவிட்டது. ±20 என்பதற்கு இந்த நான்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. தாளை எடுத்து வைத்து, ஒவ்வொரு கதவுக்கும் அது முகப்பா பின்வாசலா என்று குறித்துப் பாருங்கள். முகப்பு எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவில் மட்டும் வீட்டை எண்ணுவது என்று விதி வைத்தால் தீர்ந்தது.

அடுத்தது, 'பூட்டிக் கிடக்கிறது' என்றால் என்ன? நீங்கள் போன அன்று கதவில் பூட்டு தொங்கினதா? காலையில் ஆள் வந்து திறந்து, கூட்டி, விளக்கேற்றிவிட்டுப் பூட்டிப் போகிற வீடு எதில் சேரும்? கல்யாணத்துக்கும் சாந்திக்கும் மட்டும் பங்காளிகள் கூடுகிற வீடு? நூறு நாள் வேலைக்குப் போனதால் பகலில் பூட்டியிருந்த சின்ன வீடு? இவற்றை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகக் குறித்திருந்தால், தெருவுக்குத் தெரு தெரியும் வித்தியாசத்தில் ஒரு பங்கு, குறித்த ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசமாக இருக்கும். 'கடந்த 30 நாளில் யாராவது ஒரு ராத்திரியாவது இங்கே தங்கினார்களா' என்று பக்கத்து வீட்டிலோ காவல்காரரிடமோ கேட்டு, இல்லை என்றால் பூட்டிய வீடு என்று வைப்பது நல்ல வரையறை. ராக்காவல் நிதிக்கும் அதுதான் பொருத்தம்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மேற்பார்வை பார்த்த காலத்தில் குடும்பச் செலவு பற்றி ஒரு கணக்கெடுப்பு. பட்டியலில் இருக்கிற வீடு பூட்டியிருந்தால் மாலையில் திரும்பிப் போக வேண்டும் என்பது விதி. எங்கள் ஆட்கள் மாலையில் போகாமல், பக்கத்தில் திறந்திருந்த வீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். எண்ணிக்கை குறையவில்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அறிக்கையில் ±3% என்று அச்சானது, அந்தப் பக்கத்தைச் சரிபார்த்தவன் நான். பிறகு வேறொரு காரணத்துக்காக அந்தத் தெருவுக்கு ஒரு மாலை போனபோதுதான் தெரிந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு அத்தனையும் விட்டுப் போயிருக்கிறது. அவர்கள் செலவு செய்யும் விதமே வேறு. அந்த ±3 இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கணக்கு சரி, தாள் சுத்தம், வீடுகள் தப்பு. நீங்கள் எண்ணுவதே பூட்டிய வீட்டைத்தான் என்பதால் இந்த ஆபத்து உங்களுக்கு இன்னும் நேரடியானது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, அதுவும் நம் நாட்டில் பிறந்த வழி. கல்கத்தாவில் 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கின மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் விளையும் பரப்பை அளக்க மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களை அனுப்பி, ஒன்றுக்கொன்று தெரியாமல் தனித்தனி மாதிரி எடுக்கச் செய்தார். இரண்டு விடையும் குலுக்கல் ஆட்டத்தின் அளவுக்குள் ஒத்துப்போனால் நல்லது. அதைத் தாண்டி விலகினால், எடுத்த விதத்தில் ஏதோ கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். இரண்டு குழுவும் ஒரே தப்பைச் செய்தால் மட்டும் இந்த முறை ஏமாந்து போகும், அதற்குத்தான் பூட்டுக்கு முன்கூட்டியே வரையறை வேண்டும் என்கிறேன்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது என்றால் கணக்கை இன்னொரு தடவை எடுங்கள். கால் வலி அதே அளவுதான், பலன் மூன்று பங்கு. ஆறு தெருவில் எல்லா வீடும் பார்ப்பதற்குப் பதில், 30 தெருவுக்கும் போய்த் தெருவுக்கு 4 வீடு பாருங்கள். முகப்புகளுக்கு வரிசை எண் கொடுத்து அந்த எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். மொத்தம் அதே 120 வீடு. ஆனால் எந்தத் தெரு விழுந்தது, எது விழவில்லை என்ற ஆட்டமே இப்போது இல்லை, எல்லாத் தெருவும் உள்ளே வந்துவிட்டது. மற்ற தெருக்களும் உங்கள் ஆறு தெருவைப் போலத்தான் இருக்கின்றன என்றால் பிழை வரம்பு 7, 8க்குள் வரும். அந்த 4 வீட்டையும் இரண்டு குழு ஆளுக்கு இரண்டாகத் தனித்தனியே குலுக்கி எடுத்தால் மகலனோபிஸ் வழியும் சேர்ந்துவிடும். இரண்டு குழுவின் சதவீதமும் 16 புள்ளிக்கு மேல் விலகினால் வரையறையையும் தாள்களையும் திரும்பப் பாருங்கள். அதற்குள் இருந்தால் சேர்த்து ஒரே எண்ணாகப் போடலாம். ஒன்று மட்டும் கவனம். தையில் கல்யாணம் நடக்கிற வாரத்திலோ கோவில் திருவிழா நாளிலோ போகாதீர்கள். வருஷம் முழுக்கப் பூட்டின வீட்டில் அன்றைக்கு வாழைமரம் கட்டியிருக்கும்.

நேரம் இல்லை, இருக்கிற கணக்கோடுதான் போக வேண்டும் என்றால், கூட்டத்தில் எங்கே நின்று பேசுவது என்பதை முன்னாலேயே முடிவு செய்யுங்கள். என் கருத்து, இடைவெளியின் கீழ் முனையில் நிற்க வேண்டும். உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: 25% தான் உண்மை, 150 வீடுதான் பூட்டியிருக்கிறது என்றாலும் இந்த நிதி வேண்டுமா? வேண்டும் என்றால், 45ஐயும் பாதியையும் விட்டுவிட்டு 25ஐ வைத்தே வாதாடுங்கள். எதிர்த் தரப்பு 'உங்கள் கணக்குப்படியே 25 ஆகவும் இருக்கலாமே' என்று கேட்டால், 'ஆமாம், அதை வைத்துத்தான் பேசுகிறோம்' என்று சொல்லலாம். பாதிக்கு மேல் பூட்டியிருந்தால்தான் நிதி நியாயம் என்று நீங்களே நினைக்கிறீர்கள் என்றால், இந்தக் கணக்கு அதற்குப் போதாது என்று ஒப்புக்கொண்டு இரண்டாவது கணக்குக்கு நேரம் கேளுங்கள். வசதிக்கு ஏற்றபடி ஒருநாள் 65 பக்கமும் ஒருநாள் 45 பக்கமும் சாய்வது மட்டும் கூடாது. அவர்கள் 25ஐ மட்டும் பிடித்துக்கொண்டு 'அப்போ கால்வாசிதான்' என்றாலும் அது அதே தப்புதான். இடைவெளியில் இருக்கிற எல்லா எண்ணும் ஒரே அளவு பொருந்துபவை இல்லை. 45க்கு அருகில் இருப்பவை உங்கள் ஆறு தெருவோடு நன்றாகப் பொருந்தும், ஓரத்தில் இருப்பவை ஏதோ பொருந்தும், அவ்வளவுதான்.

எழுதிக் கொடுக்க வேண்டியதை நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'ஊரின் 30 தெருவில் 6 தெருவைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, எல்லா வீட்டையும் பார்த்தோம். 120 வீட்டில் 54 பூட்டியிருந்தன. தெருவுக்குத் தெரு நிறைய வித்தியாசம் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுத்தால், ஊர் முழுக்கப் பூட்டிய வீடு 25%க்கும் 65%க்கும் இடையே இருக்கும் என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம். கால்வாசி என்றே வைத்தாலும் 150 வீடு. நாங்கள் போன அன்று கதவு பூட்டியிருந்ததையே பூட்டிய வீடு என்று எடுத்திருக்கிறோம், பின்வாசல்களைச் சேர்க்கவில்லை.' கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லை என்றால் எது உண்மையோ அதை எழுதுங்கள். பிழை வரம்பு எவ்வளவு முக்கியமோ, எப்படி எண்ணினோம் என்கிற அந்த வரியும் அவ்வளவு முக்கியம். தெரு வாரியான ஆறு எண்ணையும் அடியில் போட்டுவிடுங்கள், வேண்டியவர் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கட்டும்.

'உங்களுக்கே நிச்சயம் இல்லை' என்ற பேச்சு வந்தால் பதற வேண்டாம். எவ்வளவு நிச்சயம் இல்லை என்பதை எண்ணாக எழுதிக் கொடுத்திருப்பது நீங்கள்தான். 'பத்தில் ஒன்று' என்கிறவர்களிடம், சண்டையாக இல்லாமல், மூன்றைக் கேளுங்கள்: எத்தனை வீடு பார்த்தீர்கள், எந்தத் தெருக்களில், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? அவர்கள் இருக்கிற தெருவை வைத்து மனசில் போட்ட கணக்காக இருக்கலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஒரு பையை மட்டும் அவிழ்த்துப் பார்த்த கணக்கு அது. 30 தெருக் கணக்கை எடுப்பது என்று முடிவானால், இரண்டாவது குழுவுக்கு ஆள் வெளியே தேட வேண்டாம், அவர்களையே கேளுங்கள். ஒரு குழு உங்கள் பக்கத்தார், ஒரு குழு அவர்கள் பக்கத்தார், இரண்டு பேர் கையிலும் அதே வரையறை, தனித்தனிச் சீட்டு.